துத்தி இலை சாப்பிட்டால் இரத்தம் நிற்கிறதே, அப்புறம் எதற்குக் கேமரா?

*டாக்டர் அம்மா, எனக்கு 51 வயது, ஏற்காட்டில் இருக்கிறோம். முதல் பிரசவத்திலிருந்தே மூலம் உண்டு. சூடு அதிகமானால் இரத்தம் போகும், துத்தி இலையைச் சின்ன வெங்காயத்தோடு விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால் நின்றுவிடும். இரண்டு மாதமாக இரத்தம் சளி மாதிரி மலத்தோடு கலந்து வருகிறது. காலையில் நாலு தடவை போனாலும் முழுசாகப் போன திருப்தி இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8.4 என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். அண்ணனுக்கு 49 வயதில் குடலில் ஆபரேஷன் நடந்தது. சேலத்தில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், கூச்சமாகவும் பயமாகவும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் போதாதா? இல்லை, இன்னும் ஒரு மண்டலம் துத்தி இலையே சாப்பிட்டுப் பார்க்கட்டுமா?*

அம்மா, ஒரு மண்டலம் வேண்டாம், ஒரு வாரம்கூட வேண்டாம். இந்த வாரமே சேலத்துக்கு இறங்கி வந்து ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரையோ குடல் மருத்துவரையோ பாருங்கள். உங்களுக்குக் கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடல் முழுக்கக் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, தேவை. புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது இல்லை என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், கடிதத்தைப் படித்தோ இலையைச் சாப்பிட்டோ சொல்ல முடியாது.

துத்தி இலையை நான் திட்டப் போவதில்லை. கீரை, விளக்கெண்ணெய், வெங்காயம் எல்லாம் சேர்ந்து மலத்தை இளக்கும், முக்காமல் போகும், மூலத்துக்கு அது நல்லதுதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மூலத்து இரத்தம் தானாகவே விட்டு விட்டுத்தான் வரும், நாலு நாள் வந்தால் ஒரு மாதம் வராது. குடலில் இருக்கும் கட்டியும் அப்படியேதான் செய்யும். மேற்புறம் புண்ணாகும்போது கசியும், கொஞ்ச நாள் காய்ந்து நிற்கும், திரும்ப மலம் உரசினால் கசியும். ஆக, இரத்தம் வரும் வாரத்தில் நீங்கள் எதைச் சாப்பிட ஆரம்பித்தாலும், துத்தியோ கருணைக்கிழங்கோ மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையோ, அடுத்த வாரம் அது 'கேட்ட' மாதிரியே தெரியும். இரத்தம் நின்றது என்பதை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று முடிவு கட்டவே முடியாது. என்னிடம் தாமதமாக வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வைத்தியம் கேட்காததால் தாமதித்தவர்கள் இல்லை, வைத்தியம் நடுநடுவே கேட்ட மாதிரி இருந்ததால் தாமதித்தவர்கள்.

இன்னொன்று, உங்களுக்கு மூலம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, அநேகமாக இருக்கும். அதற்காக மூலம் உள்ளவருக்கு வேறு ஒன்று வரக்கூடாது என்று சட்டம் இல்லையே. பழைய வியாதியின் பெயர் கையில் தயாராக இருப்பதால் புதிதாக வருவதையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

மூலத்து இரத்தம் எப்படி வரும் என்று சொல்கிறேன், உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலம் போகும்போதோ போன பிறகோ பளிச்சென்ற சிவப்பில் சொட்டும், சில சமயம் பீய்ச்சும், மலத்தின் மேலே பூசிய மாதிரி ஒட்டியிருக்கும். மலம் தனி, இரத்தம் தனி. வலி இருக்காது. உள்ளே வெடிப்பு இருந்தால் மட்டும் கத்தியால் கீறிய மாதிரி எரிச்சல், போய் வந்த பிறகும் ஒரு மணி நேரம் வலிக்கும். இரண்டிலுமே நீங்கள் எத்தனை தடவை போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள் என்ற பழக்கம் பெரிதாக மாறாது.

உங்களுக்கு அந்தப் பழக்கம்தான் மாறியிருக்கிறது. இரத்தம் மலத்துக்குள் கலந்து வருகிறது என்றால், மலம் உருவாகி இறங்கும் வழியிலேயே எங்கோ கசிகிறது, வாசலில் அல்ல. சளியும் கூட வருகிறது என்றால் குடலின் உட்சுவர் ஏதோ ஒரு இடத்தில் சீண்டப்பட்டிருக்கிறது. போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி முட்டுவது மலக்குடலில் ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்போது வரும், அங்கே இருப்பது மலமா, வீக்கமா, கட்டியா என்று அந்த நரம்புகளுக்குத் தெரியாது, போ போ என்று உங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதே தொந்தரவுகள் பெருங்குடல் அழற்சிப் புண்ணிலும் வரும், அமீபா சீதபேதியிலும் வரும். அதனால்தான் பார்க்க வேண்டும் என்கிறேன். வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எனக்கு இதைவிட உறுத்துவது அந்த 8.4. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகைதான். நம் ஊரில் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்றால் யாரும் கண்ணைக்கூடச் சிமிட்டுவதில்லை, மாதவிலக்கு, பிரசவம், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறோம். உங்களுக்கு மாதவிலக்கு நின்று மூன்று வருடம். அந்த வழியில் இரத்தம் போகவில்லை, அப்படியானால் எந்த வழியில் போகிறது? மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை என்றால், வேறு காரணம் தெளிவாகத் தெரியாதவரை குடலையும் இரைப்பையையும் பார்த்தாக வேண்டும் என்பதுதான் மருத்துவ முறை. மூலத்தில் வருடக்கணக்காக நிறைய இரத்தம் போனால் சோகை வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழியை மூலத்தின் மேல் போட வேண்டும்.

இரும்பு மாத்திரை சோகையைச் சரிசெய்யும், கசிவைச் சரிசெய்யாது. ஒரு மாதத்தில் 8.4 என்பது 10 ஆனால் மூச்சு வாங்குவது குறையும், 'சரியாகிவிட்டது' என்று நினைப்பீர்கள், உள்ளே இருப்பது இருந்தபடியே இருக்கும். இன்னொரு தலைவலி, அந்த மாத்திரையால் மலம் கறுப்பாகும். அது இரத்தம் இல்லை. தார் மாதிரி பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு கறுப்பாகப் போனால்தான் இரைப்பையிலிருந்து வரும் இரத்தம் என்று சந்தேகப்பட வேண்டும், மூட்டுவலி மாத்திரை அடிக்கடி போடுகிறவர்களுக்கு அது வரும். பீட்ரூட் சாப்பிட்டுவிட்டுச் சிவப்பாகப் போனதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்களும் உண்டு, அதுவும் இரத்தம் இல்லை.

அண்ணன் விஷயம். 'குடலில் ஆபரேஷன்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். குடலிறக்கமா, குடல்வாலா, பெருங்குடலில் கட்டியா? நம் வீடுகளில் இந்தப் பேச்சைத் தாழ்ந்த குரலில் பேசி மூடிவிடுவது வழக்கம், அண்ணியைக் கேட்டு அந்தப் பழைய ஃபைலில் பயாப்சி ரிப்போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 'கார்சினோமா' என்ற சொல் இருந்தால், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தாலும்கூட, 39 வயதிலேயே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும். கூடப்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ பெருங்குடல் புற்றுநோய் என்றால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்கச் சொல்கிறோம். அண்ணன் பிள்ளைகளுக்கும் அதே கணக்கு. பத்து வருடம் என்பது சும்மா சொன்ன எண் இல்லை, பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் சின்ன மொட்டாக, பாலிப் என்போம், தண்டுள்ள காளான் போல ஆரம்பித்துப் பல வருடம், பெரும்பாலும் பத்து வருடம் வரை எடுத்துத்தான் கெட்டதாக மாறுகிறது. அந்த இடைவெளியில் பார்த்துவிட்டால் கேமராக் குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு வெட்டி எடுத்துவிடலாம்.

வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போட வேண்டாம் என்பதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறவர், நாற்பதுகூட ஆகவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை, காரசாரமான சாப்பாடு, இரத்தம் வந்தால் மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஓர் இடத்தில் இரண்டு தடவை மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். மூலம் இருந்தது, வளையம் போட்டதும் சரிதான். இரத்தம் கொஞ்சம் குறைந்தது, பிறகு சளியோடு வந்தது, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போக வேண்டியிருந்ததால் லாரியை நடுவழியில் நிறுத்த வேண்டிய நிலை. இந்த மாற்றத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. என்னிடம் வந்தபோது கையுறை போட்ட விரலை விட்டுப் பார்த்ததுமே ஆறு சென்டிமீட்டர் உள்ளே கரடுமுரடாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. கேமராவெல்லாம் அதற்குப் பிறகுதான், மற்ற இடத்தில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்கவும் சதை எடுக்கவும். நம் நாட்டில் மலக்குடல் கட்டி இளம் வயதிலும் வருகிறது, அதை மறந்துவிடக் கூடாது.

அந்த விரல் பரிசோதனையைத்தான் முதலில் கேட்டு வாங்குங்கள் என்று சொல்ல இதை எழுதினேன். ஒரு நிமிடம் ஆகாது, செலவு இல்லை, மலக்குடலின் கடைசி ஏழெட்டு சென்டிமீட்டர் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் அங்கே ஒன்றும் இல்லை என்றால் நிம்மதியாகப் போய்விட முடியாது. பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம், விரல் தொடாத இடம்தான் அதிகம். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு நர்ஸ் கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் போர்வை போர்த்தித்தான் பார்ப்பார்கள்.

ஸ்கேன் போதாதா என்று கேட்டீர்கள். போதாது. வயிற்று அல்ட்ரா சவுண்டில் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் நன்றாகத் தெரியும், குடலுக்குள் காற்று இருப்பதால் உட்சுவர் தெரியாது. 'ஸ்கேன் நார்மல்' என்று பேப்பரை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியவர்கள் உண்டு. சிடி ஸ்கேனில் பெரிய கட்டி தெரியலாம், சின்ன மொட்டும் தட்டையான புண்ணும் தப்பிப் போகும், தெரிந்தாலும் சதை எடுக்க எப்படியும் கேமராதான் வேண்டும். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை என்று ஒன்று உண்டு, உங்களுக்குத்தான் கண்ணுக்கே தெரிகிறதே, அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நான் கேமரா பார்க்கத்தான் சொல்வேன்.

சரி, கேமரா. பயம் எல்லாம் குழாயைப் பற்றித்தான், உண்மையில் கஷ்டமான வேலை முந்தின நாள் குடலைக் கழுவுவது. இரும்பு மாத்திரையை ஐந்து முதல் ஏழு நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள், அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். இரண்டு நாள் முன்னாலிருந்து கீரை, ராகி, கொய்யா, தக்காளி, விதையுள்ள எதுவும் வேண்டாம், வெள்ளைச் சாதம், இட்லி, கடைந்த தயிர் மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். இந்த நாட்களில் துத்தி இலையும் வேண்டாம், அதுவும் கீரைதான். முந்தின நாள் முழுக்கத் தெளிவான தண்ணீர்ப் பொருள் மட்டும்: இளநீர், வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் விடாத காப்பி. உங்கள் ஊர்க் காப்பித் தோட்டத்துக் காப்பிக்குத் தடையில்லை, பால்தான் கூடாது.

பேதிப் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொல்வார்கள். பாதியை முந்தின மாலை, மீதியைச் சோதனை நாள் விடியற்காலையில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும், குளிர வைத்துக் குடித்தால் கொஞ்சம் தேவலை. கடைசியில் போவது வெறும் மஞ்சள் தண்ணீராகத் தெளிந்து இருக்க வேண்டும், கலங்கலாக இருந்தால் மருத்துவமனையில் போனதும் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். சரியாகக் கழுவாத குடலில் மொட்டைத் தவற விடுவோம், இல்லையென்றால் பாதியில் நிறுத்தித் திரும்ப வரச் சொல்வோம்.

ஏற்காட்டிலிருந்து வருகிற உங்களுக்கு ஒரு விஷயம் தனியாக. பொடியைக் குடித்துவிட்டு விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரலாம் என்று திட்டம் போடாதீர்கள், வழியில் தவித்துப் போவீர்கள். முந்தின மதியமே இறங்கிச் சேலத்தில் உறவுக்காரர் வீட்டிலோ, மருத்துவமனையிலேயே படுக்கை கேட்டோ தங்கிவிடுங்கள், கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்க ஊசி போடுவார்கள் என்பதால் கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மலை ஏறுவதும் வேண்டாம், காரிலோ பஸ்ஸிலோ போங்கள்.

பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் அன்று காலை போடலாம். சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடாத வயிற்றோடு போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், முந்தின நாளுக்கும் அன்றைக்கும் எதை எப்படிக் குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது எடுத்தால், அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள்.

குழாய் சுண்டுவிரல் பருமன்தான், நன்றாக வளையும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காற்றோ கார்பன் டை ஆக்சைடோ விட்டுக் குடலை விரிப்பதால் வயிறு உப்பிய மாதிரி இருக்கும், காற்றுப் போனதும் சரியாகும். குடல் ஓட்டை விழும் அபாயம் உண்டு என்று கையெழுத்து வாங்குவார்கள், வெறுமனே பார்ப்பதில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. மொட்டை வெட்டினால் கொஞ்சம் கூடும். வீட்டுக்குப் போன பிறகு வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டி கட்டியாக இரத்தம் போனாலோ உடனே திரும்ப வாருங்கள்.

ரிப்போர்ட் வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: 'சீக்கம் வரை போனீர்களா?' சீக்கம் என்பது பெருங்குடல் தொடங்கும் இடம், வலது பக்கம் குடல்வால் ஒட்டியிருக்கும் மூலை. அங்கே வரை போனதற்குப் படம் இருக்கும். வலது பக்கக் கட்டிகள் பெரும்பாலும் கண்ணுக்கு இரத்தமே காட்டாமல் சோகையை மட்டும் கொடுப்பவை, உங்கள் 8.4-க்கு அந்த மூலையையும் பார்த்தாக வேண்டும். கீழே மூலத்தைப் பார்த்துவிட்டு 'இதுதான்' என்று பாதியில் வந்துவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பெருங்குடல் சுத்தமாக இருந்தால் சோகைக்காக இரைப்பையையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம், பல இடங்களில் இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்துவிடுவார்கள்.

மூலம் மட்டும்தான் என்று வந்தால் அதற்கு வளையமோ ஆபரேஷனோ பார்த்துக்கொள்ளலாம், துத்தியையும் தாராளமாகச் சாப்பிடலாம். அழற்சிப் புண் என்றால் மாத்திரையில் கட்டுப்படும். கட்டி என்றால் சதை முடிவு வர ஒரு வாரம் ஆகும், பிறகு எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஸ்கேன், அந்த இடத்தில்தான் சிடியும் எம்ஆர்ஐயும் உதவும். 'வயிற்றில் பை வைத்துவிடுவார்கள்' என்ற பயத்திலேயே வராமல் இருப்பவர்கள் நிறைய. ஆசனவாய்க்கு மிக நெருக்கமான கட்டிகளுக்குத்தான் நிரந்தரப் பை, மற்றவர்களில் பலருக்குப் பையே தேவைப்படாது, சிலருக்குச் சில மாதம் மட்டும். அதைப் பற்றி இப்போது யோசித்துத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம்.

தனியாரில் செலவு ஆகும் என்று தயங்கினால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் புறநோயாளர் பிரிவுக்குப் போங்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டு, அண்ணனின் பயாப்சி ரிப்போர்ட், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டைகள், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் 'மூலம்' என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தச் சொல்லைக் கேட்டதும் கேட்பவர் மனமும் அங்கேயே போய்விடும். 'இரண்டு மாதமாக மலப் பழக்கம் மாறிவிட்டது, சளியும் இரத்தமும் கலந்து வருகிறது, மாதவிலக்கு நின்ற பிறகும் ஹீமோகுளோபின் 8.4, அண்ணனுக்குக் குடலில் ஆபரேஷன்' என்று இந்த வரிசையில் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் பதற வேண்டாம். மலம் இறுகி, கீறின மாதிரி வலியோடு, துடைக்கும்போது ஒரு கோடு சிவப்பு, வேறு எந்த மாற்றமும் இல்லை, வீட்டில் யாருக்கும் குடல் புற்றுநோய் இல்லை என்றால் ஒருமுறை விரல் பரிசோதனை செய்துகொண்டு, தண்ணீர், நார்ச்சத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவது என்று மூன்று நான்கு வாரம் பார்க்கலாம். அதற்குள் நிற்கவில்லை என்றால் திரும்ப வர வேண்டும். எடை தானாகக் குறைவது, வயிற்றில் கை வைத்தால் கட்டி தட்டுவது, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து பேதி போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை, அம்மா. ஹீமோகுளோபின் ஏற்கெனவே 8.4, கையிருப்பு குறைவு. சோதனைக்கு முன்னால் எந்த நாளிலாவது கட்டி கட்டியாக நிறைய இரத்தம் போனாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, அன்றைக்குச் சோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலை இறங்க நேரம் ஆகும், கொஞ்சம் பார்க்கலாம் என்று இருட்டும்வரை வைத்துக்கொள்ள வேண்டாம்.